பத்தி சொல்வதே சட்டம்: கிளாட் சட்டப் பகுதி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சட்டம் எதுவும் படிக்காமல் சட்டக் கேள்விக்கு எப்படி விடை எழுத முடியும்?

முடியும். தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களில் சேர்வதற்கான நுழைவுத் தேர்வு கிளாட். 2020-லிருந்து அதன் வடிவமே அப்படித்தான் இருக்கிறது. ஏறத்தாழ 450 சொற்களில் ஒரு பத்தி தருவார்கள். அதில் ஒரு சட்ட விதியோ, ஒரு தீர்ப்பின் சாரமோ, ஒரு கொள்கை விவாதமோ இருக்கும். கீழே வரும் கேள்விகள் அந்தப் பத்திக்குள்ளேயே சுற்றும். முன்கூட்டியே சட்ட அறிவு தேவையில்லை என்று தேர்வை நடத்தும் அந்தப் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பே பாடத்திட்டத்தில் சொல்லியிருக்கிறது. மொத்தம் 120 கேள்விகள், 120 நிமிடங்கள். அதில் சட்டப் பகுதி கிட்டத்தட்ட நான்கில் ஒரு பங்கு.

இதில் தடுமாறுபவர்களில் சட்டமே தெரியாதவர்களைவிடக் கொஞ்சம் தெரிந்தவர்கள்தான் அதிகம் என்பது என் கருத்து. ஏன் என்பதை ஒரு மாதிரிப் பத்தியை வைத்தே பார்க்கலாம். கீழே உள்ளது பயிற்சிக்காக நான் எழுதியது. உண்மையான தேர்வில் இதைவிட நீளமாகவும் ஆங்கிலத்திலும் இருக்கும்.

> இந்த நாட்டில் பதினெட்டு வயது நிறையாதவர் செய்துகொண்ட ஒப்பந்தம் செல்லும். ஆனால் அந்த இளையவர் விரும்பினால் அதிலிருந்து விலகிக்கொள்ளலாம். விலகும் உரிமை அவருக்கு மட்டுமே உண்டு, எதிர்த்தரப்பினருக்கு இல்லை. பதினெட்டு நிறைந்த பின் நியாயமான காலத்துக்குள் விலகாவிட்டால் அந்த உரிமை போய்விடும். விலகுபவர், ஒப்பந்தத்தால் தனக்குக் கிடைத்ததில் எது இன்னும் தன் கையில் இருக்கிறதோ அதைத் திருப்பித் தர வேண்டும். உணவு, உடை, உறைவிடம், கல்வி ஆகியவற்றுக்கு இன்றியமையாத பொருள்களுக்கான ஒப்பந்தத்திலிருந்து விலக முடியாது. ஆனால் ஒப்புக்கொண்ட விலையைத் தர வேண்டியதில்லை, நியாயமான விலையைத் தந்தால் போதும். வயதைக் கூட்டிச் சொல்லி ஏமாற்றியவர் விலக முடியாது என்று சில நீதிமன்றங்கள் தீர்ப்பளித்துள்ளன. வணிகர்கள் இதை வரவேற்கிறார்கள். ஏமாற்றியவரைச் சட்டம் காக்கக் கூடாது என்பது அவர்கள் வாதம். எந்தப் பக்குவமின்மையைக் கருதி இந்தப் பாதுகாப்பு தரப்பட்டதோ, அதே பக்குவமின்மையால்தான் அவர்கள் பொய்யும் சொல்கிறார்கள் என்பதை அந்த வாதம் மறந்துவிடுகிறது.

இந்தப் பத்தியில் இருப்பது இந்தியச் சட்டத்துக்கு நேர்மாறாக இருக்கிறதே?

ஆமாம், வேண்டுமென்றேதான் அப்படி எழுதினேன். 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 11-ஆவது பிரிவு, ஒப்பந்தம் செய்யும் தகுதிக்கு வயது வந்திருக்க வேண்டும் என்கிறது. மொஹோரி பீபி வழக்கில் 1903-இல், அன்று இந்தியாவுக்கான கடைசி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த பிரிவி கவுன்சில், வயது வராதவரின் ஒப்பந்தம் தொடக்கத்திலிருந்தே செல்லாது என்று தீர்த்துவைத்தது. கோச்சிங் வகுப்பில் முதல் மாதத்திலேயே இதைச் சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். நினைவில் நன்றாகப் பதிந்தும்விடும்.

இப்போது இந்தக் கேள்வியைப் பாருங்கள். பதினேழு வயதுக் கவின் ஒரு கடையில் 40,000 ரூபாய்க்கு ஒரு கேமராவும் அதற்கான முக்காலியும் வாங்குகிறான். பத்து நாள் கழித்து, அதே கேமராவுக்கு வேறொருவர் கூடுதல் விலை தரத் தயாராக இருப்பது கடைக்காரருக்குத் தெரிகிறது. “உனக்குப் பதினெட்டு ஆகவில்லை, விற்பனை செல்லாது, கேமராவைக் கொடு” என்கிறார். யார் பக்கம் நியாயம்?

அ) கடைக்காரர் பக்கம், வயது வராதவரின் ஒப்பந்தம் தொடக்கத்திலிருந்தே செல்லாது.
ஆ) கவின் பக்கம், விலகும் உரிமை அவனுக்கு மட்டுமே உண்டு.
இ) கடைக்காரர் பக்கம், விற்கும்போது கவினின் வயது அவருக்குத் தெரியாது.
ஈ) கடைக்காரர் பக்கம், கேமரா இன்றியமையாத பொருள் அல்ல.

‘அ’ என்பது இந்தியச் சட்டத்தின் வாசகம். அது உண்மைதான், ஆனால் இந்தப் பத்தியில் இல்லை. பத்தியின் முதல் வாக்கியமே ஒப்பந்தம் செல்லும் என்கிறது. ‘இ’ கேள்வியில் சொல்லாத ஒரு விவரத்தைச் சேர்க்கிறது; கடைக்காரருக்கு வயது தெரியுமா தெரியாதா என்று எங்கும் இல்லை. ‘ஈ’ கொஞ்சம் நுணுக்கமானது. இன்றியமையாத பொருளா என்பது இளையவர் விலகலாமா என்பதைத் தீர்மானிக்கும் விதி. அதைக் கடைக்காரர் விலகுவதற்குக் காரணமாகத் திருப்பிப் போட்டிருக்கிறார்கள். விடை ‘ஆ’.

கவனியுங்கள்: ஒப்பந்தச் சட்டமே படிக்காத மாணவர் ‘அ’வை ஒரு விநாடிகூட யோசிக்க மாட்டார். படித்தவருக்கோ அது பழகிய முகம் போல் தெரியும், கை தானாக அங்கே போகும்.

அப்படியானால் படித்ததையெல்லாம் மறந்துவிட வேண்டுமா?

மறக்க முடியாது, வேண்டியதும் இல்லை. படித்தது வேகத்துக்கு உதவும்: ‘ஒப்பந்தம்’, ‘இழப்பீடு’, ‘அலட்சியம்’ போன்ற சொற்கள் வந்தால் நின்று யோசிக்க வேண்டியிருக்காது. விதியாக மட்டும் அதைப் பயன்படுத்தக் கூடாது. இதற்கு ஒரு சின்னக் கட்டுப்பாடு போதும். ஒரு விடையைத் தேர்ந்தெடுத்தவுடன், அதற்கு ஆதாரமான வாக்கியம் பத்தியில் எங்கே என்று விரலை வைத்துக் காட்ட வேண்டும். ‘ஆ’வுக்கு மூன்றாவது வாக்கியத்தைக் காட்டலாம். ‘அ’வுக்குக் காட்ட எதுவும் இல்லை. விரல் வைக்க இடமில்லாத விடை எவ்வளவு சரியாகத் தோன்றினாலும் விட்டுவிடுங்கள்.

பொது அறிவுகூட வெளியறிவுதானா? கேமராவைச் சாப்பிட முடியாது என்று பத்தி சொல்லவில்லையே?

நல்ல கேள்வி. இதைப் பற்றி யாரும் சரியாகப் பேசுவதில்லை. சொற்களின் வழக்கமான பொருளும் உலகம் இயங்கும் விதமும் தெரியாமல் எந்தப் பத்தியையும் படிக்க முடியாது. கேமரா உணவு அல்ல, 17 என்பது 18-க்குக் குறைவு, விற்ற பொருள் கையில் இருக்காது: இவை அனுமதிக்கப்பட்டவை. அனுமதி இல்லாதது, பத்தியில் இல்லாத சட்ட விதி, புள்ளிவிவரம், ‘நடைமுறையில் இப்படித்தான் நடக்கும்’ என்ற கணிப்பு ஆகியவை.

எல்லை எங்கே மங்குகிறது என்பதற்குக் கவினையே எடுத்துக்கொள்வோம். அவன் ஒளிப்படக் கல்வி படிக்கிறான், கேமரா இல்லாமல் வகுப்பில் சேரவே முடியாது என்று கேள்வி சொன்னால் கதை மாறுகிறது. ‘கல்விக்கு இன்றியமையாதது’ என்ற சொற்றொடருக்குள் கேமரா வந்துவிடுகிறது. அவன் விலக முடியாது, நியாயமான விலை தர வேண்டும். ஆனால் கேள்வி வெறுமனே ‘மாணவன் கவின்’ என்று மட்டும் சொன்னால், அவன் என்ன படிக்கிறான் என்று நாமாகக் கற்பனை செய்யக் கூடாது. மாணவன் வாங்குவதெல்லாம் கல்விக்கானது அல்ல. கேள்வி தரும் உண்மைகளுக்கும் பத்தி தரும் விதிக்கும் இருக்கும் மரியாதை ஒன்றே. எதிலும் ஒரு சொல்லைக்கூடச் சேர்க்கக் கூடாது.

‘அனுமானிக்கலாம்’ என்று கேட்டால் பத்தியில் நேரடியாக இல்லாததைத்தானே தேட வேண்டும்?

பாதி சரி. நேரடியாகச் சொல்லாவிட்டாலும் பத்தி உண்மையென்றால் தானும் உண்மையாகியே தீர வேண்டிய ஒன்றைத் தேடுகிறோம். ‘இருக்கலாம்’, ‘நியாயமாகத் தோன்றுகிறது’ என்பதெல்லாம் போதாது. அதே பத்தியிலிருந்து இன்னொரு கேள்வி: கீழே உள்ளவற்றில் எதை அனுமானிக்கலாம்?

அ) வயதைப் பற்றிப் பொய் சொன்ன இளையவர் ஒப்பந்தத்திலிருந்து விலக முடியாது.
ஆ) கல்விக்கு இன்றியமையாத பொருளை மிக அதிக விலைக்கு வாங்கிய இளையவர், ஒப்புக்கொண்ட முழு விலையையும் தரக் கட்டுப்பட்டவர் அல்ல.
இ) இளையவர்களில் பெரும்பாலோர் பொருள் வாங்கும்போது வயதைக் கூட்டிச் சொல்கிறார்கள்.
ஈ) இளையவர்கள் செய்யும் எல்லா ஒப்பந்தங்களும் செல்லாதவையாக வேண்டும் என்று ஆசிரியர் விரும்புகிறார்.

இதற்கு ஒரு சோதனை உண்டு. ஒவ்வொரு விடையையும் எதிர்மறையாக்கிப் பாருங்கள். எதிர்மறை பத்தியோடு மோதினால் அந்த விடைதான் அனுமானம். மோதாமல் பத்தி அமைதியாக இருந்தால் அது வெறும் சாத்தியம். ‘ஆ’வின் எதிர்மறை “முழு விலையையும் தந்தே ஆக வேண்டும்” என்பது. பத்தி நேரடியாக மறுக்கிறது, மோதல் தெளிவு. ‘அ’வின் எதிர்மறை “பொய் சொன்னவரும் சில இடங்களில் விலகலாம்” என்பது. பத்தி ‘சில நீதிமன்றங்கள்’ என்றுதான் சொல்கிறது. மற்ற நீதிமன்றங்கள் வேறு மாதிரி சொல்லியிருக்கலாம், அல்லது எதுவும் சொல்லாமலும் இருக்கலாம். மோதல் இல்லை, எனவே ‘அ’ போகிறது. ‘இ’யில் பத்தி எண்ணிக்கையே பேசவில்லை. ‘ஈ’யில் ஆசிரியர் எதிர்த்தது பொய் பற்றிய ஒரு வாதத்தை மட்டும். ஒரு வாதத்தை எதிர்ப்பவர் சட்டத்தையே தலைகீழாக்க விரும்புகிறார் என்று ஆகாது.

‘அ’வில் வீழ்பவர்கள்தான் அதிகம். ‘சில’ என்ற ஒரு சொல்லைக் கண் தாண்டிப் போய்விடுகிறது. விடைகளை எழுதுபவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். பத்தியிலிருந்து ஒரு வாக்கியத்தை அப்படியே எடுத்து, ‘சில’, ‘பொதுவாக’, ‘-லாம்’ போன்ற அளவுச் சொல்லை மட்டும் உருவிவிட்டு விடையாக்குவார்கள். படிக்கும்போது ஏற்கெனவே பார்த்த வாக்கியம்போல் இருக்கும், சரியென்றே தோன்றும். ஆங்கிலப் பத்தியில் ‘மே’ என்று இருப்பது விடையில் ‘மஸ்ட்’ ஆவதும் இதே வேலைதான்.

இரண்டு விடைகள் சரியாகவே தெரிகின்றன. எப்படித் தீர்மானிப்பது?

பெரும்பாலும் அவற்றில் ஒன்று கொஞ்சம் கூடுதலாகச் சொல்லியிருக்கும். அந்தக் கூடுதல் துண்டைத் தேடுங்கள். கவினின் கதையைத் தொடர்வோம். முக்காலியை அவன் தொலைத்துவிட்டான். கேமரா கையில் இருக்கிறது. இப்போது அவனே விலக விரும்புகிறான். (பதினெட்டாவது பிறந்தநாள்வரை காத்திருக்க வேண்டுமா என்று சிலர் கேட்பார்கள். வேண்டாம். பத்தி உரிமையின் கடைசி எல்லையைச் சொல்கிறது, தொடக்க எல்லையை அல்ல.) விளைவு என்ன?

அ) கேமராவையும் முக்காலியின் விலையையும் தர வேண்டும்.
ஆ) கேமராவைத் திருப்பித் தர வேண்டும்.
இ) கேமராவைத் திருப்பித் தர வேண்டும், கடைக்காரர் 40,000 ரூபாயைத் திருப்பித் தர வேண்டும்.
ஈ) விலகினால் எதையும் தர வேண்டியதில்லை.

‘அ’வும் ‘ஈ’யும் எளிதில் போகின்றன: கையில் இருப்பதை மட்டும் தந்தால் போதும், ஆனால் கையில் இருப்பதைத் தந்தே ஆக வேண்டும். சண்டை ‘ஆ’வுக்கும் ‘இ’க்கும். நமக்குள் இருக்கும் நியாய உணர்வு ‘இ’யைத்தான் கேட்கும். பொருள் திரும்பினால் பணமும் திரும்ப வேண்டாமா? ஆனால் பத்தியை மறுபடி படியுங்கள். திருப்பித் தரும் கடமை யாருக்கு என்று சொல்லியிருக்கிறது? விலகுபவருக்கு. எதிர்த்தரப்பினர் என்ன செய்ய வேண்டும் என்பதில் பத்தி மௌனம். ஒருவேளை உண்மையான சட்டத்தில் பணமும் திரும்பலாம். அது நம் வேலை அல்ல. ‘இ’யின் பின்பாதிக்கு விரல் வைக்க இடமில்லை. விடை ‘ஆ’.

அனுமானக் கேள்விகளில் நம்மை ஏமாற்றும் இரண்டாவது வெளியறிவு இதுதான்: சட்டப் புத்தகத்திலிருந்து வருவதல்ல, நம் நியாய உணர்விலிருந்து வருவது. இதைக் கண்டுபிடிப்பது முதலாவதைவிடக் கடினம். ஏனென்றால் அது அறிவாகவே தெரியாது, இயல்பாகத் தெரியும்.

நீண்ட விடையைப் பாதியாகப் பிரித்துப் பாருங்கள். ஒவ்வொரு பாதிக்கும் தனியாக ஆதாரம் வேண்டும். ஒரு பாதி நன்றாக நிற்பதால் மற்றதும் நிற்கும் என்ற நினைப்பில்தான் மதிப்பெண் போகிறது. குறிப்பாக “ஆம், ஏனென்றால்…” வகை விடைகளில் முடிவு சரியாகவும் காரணம் தவறாகவும் இருப்பது வாடிக்கை.

ஆசிரியரின் கருத்து எது, பிறர் கருத்து எது என்று குழம்புகிறது.

மாதிரிப் பத்தியில் நான்கு குரல்கள் இருக்கின்றன: சட்டம், சில நீதிமன்றங்கள், வணிகர்கள், கடைசி வாக்கியத்தில் மட்டும் ஆசிரியர். ‘ஏமாற்றியவரைச் சட்டம் காக்கக் கூடாது’ என்பது பத்தியில் எழுத்தாகவே இருக்கிறது, ஆனால் ஆசிரியர் சொல்லவில்லை. ஆசிரியர் யாருடன் உடன்படுவார் என்ற கேள்வியில் அதை ஒரு விடையாக வைப்பார்கள். படிக்கும்போதே வாக்கியத்தின் ஓரத்தில் யார் பேசுகிறார் என்று ஓர் எழுத்துக் குறித்துக்கொண்டால் போதும். ‘ச’, ‘நீ’, ‘வ’, ‘ஆ’ என்பதுபோல. தீர்ப்புகளைச் சுருக்கும் பத்திகளில் இது இன்னும் அவசியம். மனுதாரர் வாதம், எதிர்மனுதாரர் வாதம், கீழ் நீதிமன்றம், மேல் நீதிமன்றம் என்று வரிசையாக வரும். கடைசியில் ஏற்கப்பட்ட வாதம் மட்டுமே விதி. மற்றவை வாதமாகவே நின்றுவிட்டன.

முதலில் பத்தியா, கேள்விகளா?

கேள்விகளின் தலைப்பகுதியை மட்டும் பத்து விநாடி பார்த்துவிட்டுப் பத்திக்குப் போவதில் தவறில்லை. விடைகளைப் படிக்காதீர்கள், தவறான மூன்று கருத்துகள் மனதில் ஏறிவிடும். அதன்பின் பத்தியை ஒரே முறை, மெதுவாக. சட்டப் பத்தியை வேகமாக இருமுறை படிப்பதைவிட நிதானமாக ஒருமுறை படிப்பது லாபம். ஏனென்றால் சிக்கல் எப்போதும் ‘ஆனால்’, ‘மட்டுமே’, ‘தவிர’ போன்ற இணைப்புகளில் இருக்கிறது. வேகம் முதலில் விழுங்குவது அவற்றைத்தான். மாதிரிப் பத்தியில் ‘ஆனால்’ இரண்டு முறை வருகிறது. இரண்டும் ஒரு கேள்வியாக மாறக்கூடியவை.

ஒரு பத்திக்கு எவ்வளவு நேரம்?

ஒரு கேள்விக்குச் சராசரியாக ஒரு நிமிடம்தான் என்றாலும் எல்லாப் பகுதிக்கும் அதே கணக்கு பொருந்தாது. பொது அறிவில் மிச்சமாகும் நேரம் இங்கே வரும். ஐந்து கேள்விகள் கொண்ட ஒரு சட்டப் பத்திக்கு ஏழு நிமிடம் என்று வைத்துக்கொள்ளலாம். அதில் படிப்பதற்கு மட்டும் மூன்று நிமிடம். எட்டு நிமிடத்தைத் தாண்டினால் மீதமுள்ள கேள்வியைக் குறித்துவிட்டு நகர்வது நல்லது.

நெகட்டிவ் மார்க் இருக்கும்போது ஊகிக்கலாமா?

சரியான விடைக்கு 1, தவறான விடைக்கு 0.25 குறையும். இரண்டு விடைகளை ஆதாரத்தோடு நீக்கிவிட்டால் மீதி இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது கணக்குப்படி லாபம்தான். சராசரியாக ஒரு கேள்விக்கு 0.375 கிடைக்கும். ஒன்றைக்கூட நீக்க முடியாதபோது லாபம் மிகச் சிறியது, 0.06 அளவு. அந்த நேரத்தை வேறு கேள்விக்குச் செலவிடலாம். ‘ஆதாரத்தோடு’ என்பது முக்கியம். பிடிக்கவில்லை என்று நீக்குவது இந்தக் கணக்கில் வராது.

மாக் டெஸ்ட் நிறைய எழுதியும் மதிப்பெண் ஏறவில்லை. என்ன செய்வது?

எண்ணிக்கையைக் குறைத்து, தவறிய கேள்விகளோடு அதிக நேரம் இருங்கள். சரியான விடை ஏன் சரி என்று பார்ப்பதைவிட, நீங்கள் தேர்ந்தெடுத்த விடை உங்களை எப்படிப் பிடித்தது என்று ஒரே வரியில் எழுதுங்கள். ‘அளவுச் சொல் போய்விட்டது’, ‘வகுப்பில் படித்த விதி’, ‘நியாயமாகத் தோன்றியது’, ‘வணிகர் சொன்னதை ஆசிரியர் தலையில் கட்டினேன்’ என்பதுபோல. முப்பது, நாற்பது கேள்விகளுக்குப் பின் அந்தப் பட்டியலைப் பார்த்தால், ஒரே காரணம் திரும்பத் திரும்ப வருவது தெரியும். ஆளுக்கு ஆள் அது வேறு. வகுப்பில் முதலிடம் பிடிப்பவர்களுக்கு அது பெரும்பாலும் ‘வகுப்பில் படித்த விதி’யாக இருப்பதைப் பார்க்கிறேன்.

பத்தியே சட்டத்தைத் தப்பாகச் சொல்லியிருந்தால் ஆட்சேபம் தெரிவிக்கலாமா?

தற்காலிக விடைக்குறிப்பு வந்தபின் ஆட்சேபம் தெரிவிக்க வாய்ப்பு தருகிறார்கள். அதற்குக் கட்டணம் உண்டு. ஆனால் ‘உண்மையான சட்டம் வேறு’ என்ற வாதம் அங்கே எடுபடுவது கடினம். கேள்வி பத்தியைத்தான் சோதிக்கிறது. ‘இந்த விடைக்குப் பத்தியில் ஆதாரம் இல்லை’, ‘இந்தக் கேள்வி முன்கூட்டிய சட்ட அறிவைக் கேட்கிறது’ என்ற வாதங்களுக்கு வலு அதிகம், ஏனென்றால் அவை தேர்வின் சொந்த விதியையே எடுத்துக்காட்டுகின்றன. 2024 டிசம்பரில் நடந்த தேர்வின் விடைகள் குறித்த வழக்குகள் டெல்லி உயர் நீதிமன்றத்துக்கும் உச்ச நீதிமன்றத்துக்கும் போயின. அதனால் ஆட்சேபம் எழுதினால், எந்த வாக்கியம், எந்தச் சொல் என்று பத்தியிலிருந்தே எடுத்துக்காட்டி எழுதுங்கள்.